எங்கள் கடைக்கு ஓர் ஆள் வேண்டும்

(அறக்கட்டளையின் மாதாந்தரக் கூட்டத்தில் நாட்டு மருந்துக் கடை நடத்தும் சகோதரர்கள் இருவர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



நாங்கள் மேடையில் பேசிப் பழகியவர்கள் அல்ல. கடையில் ஒரு வேலை காலியாக இருக்கிறது, பத்திரிகையில் இரண்டு வரி போடுங்கள் என்று கேட்கத்தான் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தோம். இரண்டு வரி வேண்டாம், கூட்டத்தில் வந்து முழுவதையும் சொல்லுங்கள், அதையே அச்சில் போடுகிறோம் என்றார்கள். ஆகவே வந்திருக்கிறோம்.

எங்கள் கடை உங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். வாப்பா வைத்த கடை. சுக்கு, மிளகு, திப்பிலி, கடுக்காய், ஓமம், நிலாவாரை, வசம்பு என்று நாட்டு மருந்துச் சாமான்கள் சுமார் 200 வகை வைத்திருக்கிறோம். கொஞ்சம் மளிகையும் உண்டு. வாப்பாவுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் பார்க்கிறோம். எங்களில் ஒருவர் சரக்கு எடுக்க விருதுநகருக்கோ மதுரை கீழமாசி வீதிக்கோ போய்விட்டால் கடையில் ஒருவர்தான் இருக்க முடியும். அதனால் ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

போன வருடம் ஓர் ஆள் இருந்தார். நம் மொஹல்லா பையன், 19 வயது. ஏழு மாதம் வேலை பார்த்துவிட்டு ஒரு நாள் வராமல் நின்றுவிட்டார். அவர் ஏன் நின்றார் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் புது ஆளைக் கேட்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். தவறு எங்கள் பக்கம்தான்.

ஒரு வீட்டிலிருந்து பேறுகால லேகியத்துக்குச் சாமான் கட்டித் தரும்படி சீட்டு வந்தது. பதினைந்து பதினாறு சாமான் எழுதியிருந்தது. அதில் ஒரு வரி ‘க.சீ. 25’. எழுதிய மாமி நினைத்தது கருஞ்சீரகம். பையன் எடுத்துப் போட்டது காட்டுச்சீரகம். பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று, பொருள் வேறு. கருஞ்சீரகம் பொடியாக, கன்னங்கரேலென்று, மூன்று பக்கம் உள்ளதாக இருக்கும். விரலில் வைத்து நசுக்கினால் காரமான ஒரு வாசனை வரும். காட்டுச்சீரகம் அதைவிட நீளம், பழுப்புக் கறுப்பு, மேலே வரி வரியாக ஓடும், வாயில் வைக்க முடியாத கசப்பு. அந்த வீட்டில் இடித்து, சலித்து, ஒரு கிலோ கருப்பட்டியிலும் அரை கிலோ நெய்யிலும் கிண்டி முடித்த பிறகுதான் கசப்பு தெரிந்தது. அத்தனையும் கீழே கொட்டினார்கள். பிள்ளை பெற்ற பெண் அதைச் சாப்பிடவில்லை என்பதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னோம். அந்த வீட்டுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், சாமானும் புதிதாகக் கட்டிக் கொடுத்தோம்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததுதான் சரியில்லை. நஷ்டத்தில் 700 ரூபாயைப் பையன் சம்பளத்தில் பிடித்தோம். கடையில் நாலு பேர் நிற்கும்போதே சத்தம் போட்டோம். மறுநாள் அவர் வரவில்லை. பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான் விளங்கியது. அன்றைக்குக் கடையில் கூட்டம். ‘சீக்கிரம் கட்டு, சீக்கிரம் கட்டு’ என்று விரட்டியவர்கள் நாங்கள். சீட்டில் புரியாத வரி இருந்தால் கேட்க வேண்டும் என்று ஏழு மாதத்தில் ஒரு தடவைகூட நாங்கள் சொல்லிக் கொடுத்ததில்லை. அதற்கு முன்பு அவர் இரண்டு மூன்று முறை கேட்டபோது, ‘இதுகூடத் தெரியாதா’ என்றுதான் பதில் சொல்லியிருக்கிறோம். அப்படிச் சொன்னால் அடுத்த முறை எவன் கேட்பான்?

சம்பளத்திலும் அதே கதைதான். சேரும்போது ‘பார்த்துத் தருகிறோம்’ என்றோம். எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை, கேட்கக் கூச்சம். நாங்களும் சொல்லவில்லை, சொல்லாமல் இருந்தால் எங்களுக்கு வசதி. முதல் மாதம் கவரைப் பிரித்துப் பார்த்த அவருடைய உம்மா என்ன நினைத்தார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எங்கள் காதுக்கு வந்தது. அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம், 700 ரூபாயையும் கொடுத்தோம். அவர் இப்போது வேறு இடத்தில் நன்றாக இருக்கிறார். திரும்ப எங்களிடம் வரவில்லை. அதில் எங்களுக்கு வருத்தம் உண்டு, குறை இல்லை.

இந்தத் தடவை அதனால்தான் எல்லாவற்றையும் உங்கள் முன்னால் சொல்கிறோம். இது அச்சிலும் வரும். நாளைக்கு நாங்கள் மாற்றிப் பேசினால் இந்தத் தாளை எடுத்துக் காட்டலாம்.

முதலில் வேலை. கடை காலை 9.30-க்குத் திறக்கும். வந்ததும் முன்பக்கம் பெருக்க வேண்டும், தராசைத் துடைத்து எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் மின்தராசுக்கு ஒவ்வொரு வருடமும் எடையளவுத் துறையின் முத்திரை வாங்குகிறோம். ஆனால் முத்திரை இருந்தால் மட்டும் எடை சரியாகிவிடாது. தட்டில் காகிதத்தையோ கிண்ணத்தையோ வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் சாமானைப் போட வேண்டும். காகிதத்தின் எடையும் சேர்ந்தால் 10 கிராம் ஏலக்காய் வாங்கியவருக்கு 8 கிராம்தான் போய்ச் சேரும். பெரிய தராசு 2 கிராம், 3 கிராமைச் சரியாகக் காட்டாது. குங்குமப்பூ, கோரோசனை மாதிரியானவற்றுக்குச் சின்னத் தராசு தனியாக இருக்கிறது.

பிறகு டப்பாக்களில் குறைந்ததை நிரப்புவது. தப்பு நடக்கிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம். பொடியாக இருந்தால் நிலாவாரையும் மருதாணியும் கண்ணுக்கு ஒரே பச்சை. ஒன்று பேதிக்குச் சாப்பிடுவது, இன்னொன்று கையில் இடுவது. நிரப்பும்போது டப்பா மாறிவிட்டால் அடுத்த பத்துப் பேருக்கும் தப்பாகத்தான் போகும். அதனால் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். சாக்கிலிருந்து எடுக்கும்போது பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், டப்பாவில் கொட்டும் முன் அதன் மேல் ஒட்டியிருக்கும் பெயரை மறுபடி வாய்விட்டுப் படிக்க வேண்டும். பழைய சரக்கு கீழே தங்கிவிடாமல், அதை வேறு தட்டில் கொட்டி, புதியதைக் கீழே போட்டு, பழையதை மேலே போட வேண்டும். சுக்கில் வண்டு விழுந்தால் மேல்பார்வைக்குத் தெரியாது. டப்பாவைத் தட்டினால் அடியில் மாவு மாதிரித் தூள் இறங்கும். அப்படி இறங்கினால் அந்த டப்பா விற்பனைக்கு இல்லை, எங்களிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னதற்காக யாரும் முகம் சுளிக்க மாட்டோம்.

வாரத்தில் ஒரு நாள் சில சாமான்களை மொட்டைமாடியில் காயப்போட வேண்டும். தூக்க முடியாத மூட்டை இல்லை, பத்துப் பதினைந்து கிலோதான். ஆனால் தூசி உண்டு. மிளகாய் வற்றலும் திப்பிலியும் அள்ளும்போது தும்மல் வரும். முகக்கவசம் நாங்கள் தருகிறோம். ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்கள் தயவுசெய்து இந்த வேலைக்கு வர வேண்டாம். வேலை வேண்டும் என்ற அவசரத்தில் அதை மறைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

அடுத்தது சீட்டுப் பார்த்துச் சாமான் கட்டுவது. இதுதான் முக்கியமான வேலை. இதைக் கற்றுக்கொள்ள மூன்று மாதம் ஆகும், அதற்கு நாங்கள் பொறுப்பு. முதல் மாதம் எடுத்துக் கொடுப்பது மட்டும். இரண்டாம் மாதம் நீங்கள் கட்டலாம், ஒவ்வொரு பொட்டலத்தையும் மூடும் முன் எங்களில் ஒருவர் பார்ப்போம். மூன்றாம் மாதத்தில் பழகிய சீட்டுகளைத் தனியாகக் கட்டலாம். புரியாத எழுத்து, சுருக்கி எழுதிய பெயர், அளவு எழுதாத வரி, இந்த மூன்றில் எது இருந்தாலும் சீட்டு அப்படியே நிற்க வேண்டும். வாங்க வந்தவரிடம் கேட்கலாம், எங்களிடம் கேட்கலாம், சீட்டு எழுதியவருக்குப் போன் போடலாம். எவ்வளவு கூட்டம் நின்றாலும் சரி.

சில ஜோடிகளைக் கண் மூடிக்கொண்டும் பிரித்துச் சொல்லும் அளவுக்குப் பழக வேண்டும். சீரகம், சோம்பு, சதகுப்பை. சித்தரத்தை, வசம்பு. மிளகும் பப்பாளி விதையும்கூட. மண்டியிலிருந்து வரும் மலிவு மிளகில் அது கலந்திருக்க வாய்ப்பு உண்டு. கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் போட்டால் முற்றிய மிளகு மூழ்கும், பப்பாளி விதை மிதக்கும். சொத்தை மிளகும் மிதக்கும் என்பதால் மிதந்ததைக் கையில் எடுத்துச் சுருக்கத்தையும் வடிவத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இதெல்லாம் புத்தகத்தில் படித்து வருவதில்லை, தினமும் கையில் எடுத்தால் தானாக வந்துவிடும்.

சில பொருள்களை நாங்கள் வைப்பதே இல்லை. தேத்தான்கொட்டை வைத்திருக்கிறோம். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறத்தில் அந்தக் காலத்தில் உரைப்பார்களே, அதுதான். எட்டிக்கொட்டை அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி, ஆனால் விஷம். தேத்தான்கொட்டை சின்னது, உருண்டை. எட்டி பழைய காசு மாதிரித் தட்டையாக, பட்டுப்போல் சாம்பல் மினுமினுப்போடு இருக்கும். யார் கேட்டாலும் ‘எங்கள் கடையில் இல்லை’ என்று சொன்னால் போதும்.

இன்னொன்றும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ‘சர்க்கரைக்கு எது நல்லது தம்பி, மூட்டு வலிக்கு எதைச் சாப்பிடலாம்’ என்று தினமும் பத்துப் பேராவது கேட்பார்கள். கேட்டதை எடுத்துக் கொடுப்பதுதான் நம் வேலை, மருந்து சொல்வது அல்ல. டாக்டரிடமோ படித்த சித்த வைத்தியரிடமோ கேட்டு வரச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தை உள்ளவர்களும் கேட்டால் இன்னும் கண்டிப்பு. விற்பனை குறைந்தால் குறையட்டும், அதற்காக உங்களை ஒன்றும் சொல்ல மாட்டோம்.

கல்லாவில் உட்கார வேண்டியது இல்லை. பற்று நோட்டில் எழுதுவதும் நாங்கள்தான். போனில் பணம் அனுப்பியதாக யாராவது திரையைக் காட்டினால், எங்கள் ஒலிப்பெட்டி தொகையைச் சொன்ன பிறகுதான் சாமானைக் கொடுக்க வேண்டும். பழைய ரசீதின் படத்தைக் காட்டிவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். சாயங்காலம் கணக்கு இடித்தால் அது எங்கள் தலைவலி. எடையில் தப்பு, பொருள் மாறியது, பாட்டில் உடைந்தது எதற்கும் சம்பளத்தில் பிடிக்க மாட்டோம். ஒரே தப்பு மறுபடி மறுபடி நடந்தால் உட்கார்ந்து பேசுவோம், தனியாக, கடை மூடிய பிறகு.

நேரம் இப்படி. காலை 9.30 முதல் 1.30 வரை, மாலை 4 முதல் 8 வரை, ஆக 8 மணி நேரம். நடுவில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, லுஹர் தொழுது, கொஞ்சம் படுத்து எழுந்து வரலாம். அஸருக்கும் மக்ரிபுக்கும் மாறி மாறிப் போய்வரலாம், அந்த நேரத்தைக் கழிப்பதில்லை. வெள்ளிக்கிழமை முழு விடுமுறை. ரமலானில் மாலை 5.30-க்கே விட்டுவிடுவோம், சம்பளம் குறையாது. சாமான் வாங்க ஆள் இல்லாத நேரத்தில் உட்கார ஸ்டூல் உண்டு. அதை நாங்கள் செய்யும் சலுகையாகச் சொல்லவில்லை. கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டுக் கடைகள் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். எங்கள் கடையில் அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் ஸ்டூல் இல்லாமல்தான் இருந்தது.

பெண்களும் விண்ணப்பிக்கலாம். சொல்லப்போனால் வந்தால் எங்களுக்கு நல்லது. பேறுகாலச் சாமான் வாங்க வரும் தாய்மார்கள் எங்களிடம் பாதியைச் சொல்லி, பாதியை விழுங்கிவிடுகிறார்கள். சீட்டில் சந்தேகம் வந்தால் ஒரு பெண் கேட்டால் விவரமாகச் சொல்வார்கள். பெண்களுக்கு நேரம் காலை 9.30 முதல் 1.30 வரை, 2.30 முதல் 6.30 வரை. நேரத்தோடு வீடு திரும்பிவிடலாம். சம்பளத்தில் வித்தியாசம் கிடையாது.

இப்போது சம்பளம். மாதம் 14,000 ரூபாயிலிருந்து 18,000 வரை. இந்த இடைவெளியை எப்படிப் போட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் 18,000 என்று காதில் விழுந்து, 14,000 கைக்கு வந்து, மனஸ்தாபம் ஆகிவிடும். ஒன்றும் தெரியாமல் புதிதாக வருகிறவருக்கு முதல் மூன்று மாதம் 14,000. சீட்டுகளைத் தனியாகக் கட்டத் தொடங்கிய மாதத்திலிருந்து 15,500. ஏற்கெனவே மளிகைக் கடையிலோ நாட்டு மருந்துக் கடையிலோ இரண்டு வருடமாவது இருந்தவருக்குத் தொடக்கமே 16,000. 18,000 என்பது, நாங்கள் இருவருமே இல்லாத ஒரு நாள் கடையை முழுதாகப் பார்த்து, என்னென்ன சரக்கு குறைந்திருக்கிறது என்று கொள்முதல் பட்டியலும் போடக்கூடியவருக்கு. புதிதாக வருகிறவர் அந்த இடத்துக்கு வர இரண்டு வருடமாவது ஆகும் என்பது எங்கள் கணக்கு. 18,000-க்கு மேல் இந்தக் கடை தாங்காது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம்.

சம்பளம் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி வங்கிக் கணக்கில் வரும். கணக்கு இல்லாதவருக்குத் தொடங்க நாங்கள் கூட வருகிறோம். மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு அவசர விடுப்பு. உடம்புக்கு முடியாவிட்டால் அது தனி, வருடத்துக்கு 12 நாள். ஒரு வருடம் முடித்தவருக்குச் சம்பளத்தோடு இன்னும் 12 நாள். நோன்புப் பெருநாளுக்கு அரை மாதச் சம்பளம் கூடுதலாகத் தருவோம். முன்பணம் ஒரு மாதச் சம்பளம் வரை கேட்கலாம், ஐந்து தவணையில் கழிப்போம். அதற்கு மேல் தர மாட்டோம். கையில் இல்லாததால் மட்டும் அல்ல, பெரிய முன்பணம் வாங்கியவர் வேறு நல்ல வேலை கிடைத்தாலும் போக முடியாமல் மாட்டிக்கொள்கிறார்.

போன வாரம் ஒருவர் நல்ல எண்ணத்தில் ஒரு யோசனை சொன்னார். கஷ்டப்படுகிற வீட்டுப் பிள்ளையை வைத்துக்கொண்டால் சம்பளத்தில் ஒரு பகுதியை ஸகாத் கணக்கில் வைத்துக்கொள்ளலாமே என்றார். ஆலிம்களிடம் கேட்டோம், கூடாது என்றார்கள். உழைத்ததற்குக் கொடுப்பது கூலி, ஸகாத் வேறு. ஏழை வீட்டிலிருந்து வந்தாலும் வசதியான வீட்டிலிருந்து வந்தாலும் இந்த வேலைக்கு இதுதான் சம்பளம். யாருக்கும் உதவி செய்வதாக நினைத்து நாங்கள் ஆள் எடுக்கவில்லை. வருகிறவரும் தர்மத்தில் இருப்பதாக நினைக்க வேண்டாம்.

யார் விண்ணப்பிக்கலாம்? 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் வயதுக்கு வரம்பு இல்லை, வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த காக்காமார்களும் வரலாம். பத்தாவது தேறியிருக்க வேண்டும் என்பது இல்லை. தமிழ்க் கையெழுத்தைத் தடுமாறாமல் படிக்க வேண்டும், கூட்டல் கழித்தல் தெரிய வேண்டும்.

எப்படி விண்ணப்பிப்பது? ஒரு முழுத் தாளில் உங்கள் கையாலேயே தமிழில் எழுதுங்கள். பெயர், வயது, தெரு, இதுவரை பார்த்த வேலை, அதை ஏன் விட்டீர்கள், எந்தத் தேதியிலிருந்து வர முடியும், இவ்வளவு போதும். சான்றிதழ், ஆதார் நகல் எதுவும் இப்போது வேண்டாம். உறையில் போட்டு இந்த அறக்கட்டளை அலுவலகத்தில் கொடுக்கலாம். கடையிலும் கொடுக்கலாம், பகல் 2.30-க்கும் 4-க்கும் நடுவில் வந்தால் நின்று பேச நேரம் இருக்கும். வருகிற மாதம் 15-ஆம் தேதி கடைசி. வாப்பாவையோ மாமாவையோ அனுப்பாமல் நீங்களே வாருங்கள். பெண்கள் துணைக்கு யாரையும் அழைத்து வரலாம். சிபாரிசு வேண்டாம். ஜமாஅத்தில் பெரிய பொறுப்பில் இருப்பவர் சொன்னாலும் எங்களால் செய்ய முடியாது, அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தாளைப் பார்த்து ஆறேழு பேரைக் கூப்பிடுவோம். ஒவ்வொருவரும் ஓர் அரை நாள் கடையில் எங்களோடு இருக்க வேண்டும். அந்த அரை நாளுக்கு 300 ரூபாய் தருவோம், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். பத்துக் கிண்ணத்தில் பத்துச் சாமான் வைத்து, தெரிந்ததற்கு மட்டும் பெயர் சொல்லச் சொல்வோம். பிறகு மூன்று சீட்டுகள் தருவோம். அவற்றில் ஒன்றில் ஒரு வரி யாருக்கும் புரியாதபடி எழுதியிருக்கும். அதைப் பார்த்ததும் எங்களிடம் வந்து ‘இது என்ன’ என்று கேட்கிறாரா என்பதுதான் நாங்கள் பார்ப்பது.

இதை மேடையிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் அது என்ன சோதனை என்று எங்களில் இளையவர் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். தெரிந்து வைத்துக்கொண்டு வந்து கேட்டாலும் பரவாயில்லை, கேட்டால் போதும்.

25-ஆம் தேதிக்குள் விண்ணப்பித்த எல்லோருக்கும் பதில் சொல்லிவிடுவோம். எடுக்கப்படாதவர்களுக்கும் என்ன காரணம் என்று சொல்வோம். அவர்கள் விரும்பினால் அவர்கள் எழுதிய தாளை அறக்கட்டளை அலுவலகத்தில் கொடுத்து வைப்போம். வேறு கடைக்காரர்கள் ஆள் தேடி வந்தால் அங்கே பார்த்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் தாளை உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். வேலை அதற்கு அடுத்த மாதம் முதல் தேதி ஆரம்பம். அது வெள்ளிக்கிழமையாக வந்தால் மறுநாள் சனிக்கிழமை.